‘தீபாவளி ஆர்டருக்குக் கடைசி தேதி’... எந்தத் தேதி, யாருக்கு, எப்போது சொல்ல வேண்டும்?

“தீபாவளி ஆர்டர்களுக்குக் கடைசி தேதி அக்டோபர் 15. வாடிக்கையாளர்கள் ஒத்துழைக்கவும்.”

பண்டிகை சீசன் நெருங்கும்போது மொத்த வியாபாரிகளிடமிருந்து சில்லறைக் கடைக்காரர்களுக்குப் போகும் வாட்ஸ்அப் செய்தி பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். பார்க்கத் தெளிவாக இருக்கிறது. ஆனால், இதைப் படிக்கும் கடைக்காரர் 15-ம் தேதி இரவு பத்து மணிக்கு ஆர்டர் போட்டுவிட்டு, “டயத்துக்குப் போட்டாச்சு, சரக்கு வந்துடும்” என்று நிம்மதியாகத் தூங்கப் போகிறார். அனுப்பியவர் மனதில் இருப்பதோ, “15-ம் தேதிக்குள் பணமும் வந்து, சைஸ் விவரமும் முடிவாகியிருந்தால் அனுப்புவோம்” என்பது. செய்தி ஒன்று, புரிதல் இரண்டு. இந்த இடைவெளியில்தான் ஒவ்வொரு ஆண்டும் சண்டை வருகிறது, பாக்கி நிற்கிறது, பத்து வருட வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போகிறார்.

பண்டிகைக்கால கட்-ஆஃப் அறிவிப்பு என்பது மரியாதைக்கு அனுப்பும் சுற்றறிக்கை அல்ல. வாடிக்கையாளர் தன் முதலை எந்த நாளில், எவ்வளவு போட வேண்டும் என்று முடிவெடுக்க உதவும் தகவல் அது. அப்படிப் பார்த்தால், மேலே சொன்ன ஒரு வரிச் செய்தியில் அவருக்கு வேண்டிய எதுவுமே இல்லை. திருப்பூர் பனியன் மொத்த வியாபாரத்தையும் 2026 தீபாவளியையும் வைத்து இதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஒரு தேதி அல்ல, நான்கு தேதிகள்

ஒரு ஆர்டர் கடைக்காரரின் ஷோகேஸுக்கு வந்து சேர்வதற்குள் நான்கு கட்டங்களைத் தாண்டுகிறது. முதலாவது, ஆர்டர் சொல்லும் நாள். இரண்டாவது, அந்த ஆர்டர் முழுமையாகும் நாள். அதாவது டிசைன், சைஸ் ரேஷியோ, பணம், எந்த லாரி பார்சல் சர்வீஸில் எந்த ஊருக்கு புக்கிங் என்பதெல்லாம் முடிவாகும் நாள். மூன்றாவது, பண்டல் கட்டி பார்சல் ஆபீஸில் ஒப்படைத்து எல்.ஆர். வாங்கும் நாள். நான்காவது, கடைக்காரர் ஊரில் சரக்கு கைக்குக் கிடைக்கும் நாள்.

விற்பவர் பேசுவது பெரும்பாலும் முதல் தேதியையோ மூன்றாவது தேதியையோ. வாங்குபவருக்குத் தேவை நான்காவது தேதி மட்டுமே. “டெஸ்பேட்ச் பண்ணியாச்சுங்க, எல்.ஆர். அனுப்பிட்டேன்” என்று திருப்பூரிலிருந்து சொல்வதும், “எல்.ஆரை வெச்சு நான் என்ன பண்றது, சரக்கு எங்க அண்ணே?” என்று நாகர்கோவிலிலிருந்து கேட்பதும் இதனால்தான். இரண்டு பேர் சொல்வதும் அவரவர் அளவில் சரி.

இதில் சட்டமும் விற்பவர் பக்கம் சற்றுச் சாய்ந்தே இருக்கிறது. 1930-ம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 39-வது பிரிவின்படி, வாங்குபவருக்கு அனுப்புவதற்காகச் சரக்கைப் போக்குவரத்து நிறுவனத்திடம் ஒப்படைத்துவிட்டாலே, வேறு விதமாகப் பேசிக்கொள்ளாதவரை, அது வாங்குபவரிடம் ஒப்படைத்ததாகவே பொதுவாகக் கருதப்படும். பார்சல் குடோனில் நான்கு நாள் கிடந்தால் அந்த நான்கு நாள் நஷ்டம் பெரும்பாலும் கடைக்காரர் தலையில்தான் விழும். சில்லறைக் கடைக்காரர்கள் பலருக்கு இது தெரியாது. அதனால்தான் அறிவிப்பில் இருக்கும் தேதி ‘லாரியில் ஏறும் தேதி’யா, ‘ஊருக்கு வந்துசேரும் தேதி’யா என்று எழுத்தில் இருப்பது அவசியம்.

கணக்கைப் பின்னாலிருந்து தொடங்க வேண்டும்

2026-ல் தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. பலரும் கணக்கை இங்கிருந்து தொடங்கி, ‘ஒரு வாரம் முன்னாடி சரக்கு போனா போதும்’ என்று நினைப்பார்கள். ஆனால், ஜவுளிக்கடைக்கு முக்கியம் தீபாவளி நாள் அல்ல, அதற்கு முந்தைய வார இறுதி நாள்கள். சம்பளமும் போனஸும் கையில் வந்திருக்கும் அக்டோபர் 31, நவம்பர் 1 ஆகிய சனி, ஞாயிறுதான் உச்சம். அதற்கு முந்தைய அக்டோபர் 24, 25-ல் கூட்டம் தொடங்கிவிடும். எனவே முதல் சுற்றுச் சரக்கு அக்டோபர் 22, வியாழக்கிழமைக்குள் கடையில் இருக்க வேண்டும். பண்டலைப் பிரிக்க, விலை ஸ்டிக்கர் ஒட்ட, அடுக்கி வைக்க வெள்ளிக்கிழமை ஒரு நாளாவது வேண்டும்.

இப்போது ஒரு உதாரணம். திருப்பூரில் குழந்தைகள் டி-ஷர்ட், லெக்கின்ஸ், நைட்டி தயாரித்து மொத்தமாக விற்கும் ஒரு நிறுவனம். 150 சில்லறைக் கடைகள் வாடிக்கையாளர்கள். அந்த நிறுவனம் தன் பழைய எல்.ஆர். கோப்புகளைப் பார்த்து, சீசனில் சரக்கு போய்ச் சேர ஆகும் நாள்களை மூன்றாகப் பிரித்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். கோவை, ஈரோடு, சேலம் பகுதிக்கு 2 வேலை நாள்கள். சென்னை, மதுரை, நெல்லை, நாகர்கோவிலுக்கு 4 வேலை நாள்கள். ஐதராபாத்துக்கு 7 வேலை நாள்கள். சாதாரண நாள்களில் இதில் பாதிதான் ஆகும். ஆனால், சீசனில் பார்சல் ஆபீஸில் பண்டல்கள் மலைபோல் குவியும், லாரியில் இடம் கிடைக்காது, இறக்குமிடத்தில் சுமை தூக்க ஆள் கிடைக்காது. சாதாரண நாள் கணக்கை வைத்து சீசனுக்கு வாக்கு கொடுப்பதுதான் முதல் தவறு.

இந்த இடத்தில் 2026 நாட்காட்டி ஒரு முட்டுக்கட்டை போடுகிறது. அக்டோபர் 18 ஞாயிறு. 19 திங்கள் ஆயுதபூஜை. 20 செவ்வாய் விஜயதசமி. லாரிகளுக்கே பூஜை போடும் நாள்களில் லாரி ஓடும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆக, மூன்று நாள் தொடர்ச்சியாகச் சரக்குப் போக்குவரத்து படுத்துவிடும். அக்டோபர் 22-க்குள் சேர வேண்டிய சரக்குக்கு இது நேரடியாகக் குறுக்கே வருகிறது.

நெல்லைக் கடைக்கான கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 22-ம் தேதி சரக்கு சேர வேண்டும். நான்கு வேலை நாள்களைப் பின்னோக்கி எண்ணினால் 21, 17, 16, 15. அதாவது அக்டோபர் 15, வியாழக்கிழமை பார்சல் ஆபீஸில் ஒப்படைத்திருக்க வேண்டும். ஆயுதபூஜை விடுமுறை இல்லாவிட்டால் 17-ம் தேதி ஒப்படைத்தாலே போதும். நாட்காட்டியைப் பார்க்காதவர் இங்கே இரண்டு நாளை இழக்கிறார். பில் போட, எடுத்து அடுக்க, பண்டல் கட்ட மூன்று வேலை நாள்கள் என்றால், ஆர்டர் முழுமையாக வேண்டிய நாள் அக்டோபர் 12, திங்கள். இதே முறையில் கோவைக் கடைக்கு அக்டோபர் 14, ஐதராபாத் கடைக்கு அக்டோபர் 8.

‘எல்லாருக்கும் அக்டோபர் 15’ என்று ஒரே தேதி சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கோவைக் கடைக்காரர் ஒரு நாள் பிந்துவார், ஏதோ சமாளித்துவிடலாம். நெல்லைக் கடைக்காரரின் சரக்கு முதல் வார இறுதியைத் தவறவிடும். ஐதராபாத் கடைக்கு அது 29-ம் தேதி வாக்கில்தான் போய்ச் சேரும், முதல் சுற்று விற்பனை முழுவதும் போச்சு. ஒரே தேதி எல்லாருக்கும் சமம் என்று தோன்றலாம். உண்மையில் தூரத்தில் இருப்பவரை அது ஏமாற்றுகிறது.

ரெடி ஸ்டாக் வேறு, தைத்துக் கொடுப்பது வேறு

மேலே சொன்ன கணக்கு குடோனில் தயாராக இருக்கும் சரக்குக்கு மட்டும். “இந்த டிசைன்ல மெரூன் கலர் வேணும், 28, 30 சைஸ் அதிகமா வேணும்” என்று கேட்டால் கதை வேறு. நூல் வாங்கி, நிட்டிங் போட்டு, சாயப்பட்டறைக்கு அனுப்பி, காம்பேக்டிங் முடிந்து, கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங் என்று பல கை மாற வேண்டும். இவற்றில் பாதி வேலை வெளியே ஜாப் ஒர்க்குக்குப் போகிறது. அங்கே எல்லா நிறுவனங்களின் தீபாவளிச் சரக்கும் ஒரே வரிசையில் நிற்கும்.

நம் உதாரண நிறுவனத்துக்கு இதற்கு நான்கு வாரம் ஆகும் என்றால், ஐதராபாத்துக்கு அக்டோபர் 12-ல் ஒப்படைக்க வேண்டிய சரக்குக்கான ஆர்டர் செப்டம்பர் 12, சனிக்கிழமைக்குள் முடிவாக வேண்டும். அதாவது விநாயகர் சதுர்த்திக்கு முன்பே. தீபாவளிக்கு எட்டு வாரம் இருக்கும்போதே! இதை அக்டோபர் முதல் வாரத்தில் அறிவித்தால் யாருக்கும் பயனில்லை. எனவே இரண்டு வகைச் சரக்குக்கும் தனித்தனித் தேதி, தனித்தனிச் செய்தி தேவை.

கடைசி நாள் நெரிசலுக்கும் ஒரு கணக்கு உண்டு

கட்-ஆஃப் சொன்னால் எல்லாரும் அந்த நாளில்தான் ஆர்டர் போடுவார்கள். மின் கட்டணம் முதல் வரிக் கணக்கு வரை நாம் பழகிய வழக்கம் அது. தென்மாவட்டம், சென்னைப் பிரிவில் 60 கடைகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் 3 பண்டல் என்று வைத்தால் 180 பண்டல். ஓவர்டைம் போட்டால் ஒரு நாளைக்கு 40 பண்டல் கட்டலாம். மூன்று நாளில் 120 பண்டல்தான் வெளியே போகும். மீதி 60 பண்டல், அதாவது 20 கடைகளின் சரக்கு, தேதிக்குள் ஆர்டர் போட்டும் தேதிக்குள் போகாது.

இதைச் சரிசெய்ய இரண்டு வழிகள் இருக்கின்றன. கட்-ஆஃபை இரண்டு நாள் முன்னால் நகர்த்தலாம். அல்லது, “அக்டோபர் 12 வரை, அல்லது 120 பண்டல் நிறையும் வரை, எது முதலில் வருகிறதோ அதுவரை” என்று அளவையும் சேர்த்து அறிவிக்கலாம். இரண்டாவது வழி நேர்மையானது. ஆனால், 80 பண்டல் ஆனதும், 110 ஆனதும் நிலவரத்தைச் சொல்ல வேண்டும். சொல்லாமல் திடீரென்று ‘ஃபுல் ஆயிடுச்சுங்க’ என்றால் அது பழைய சண்டைக்கே கொண்டுபோய் விடும்.

எப்போது, எப்படிச் சொல்வது?

ஒரு கடைக்காரர் ஆர்டர் போடுவதற்கு முன் பணத்தைப் புரட்ட வேண்டும், பழைய பாக்கியை அடைக்க வேண்டும், போன வருடம் எது நின்றது, எது ஓடியது என்று பார்க்க வேண்டும். இதற்கு இரண்டு மூன்று வாரமாவது ஆகும். எனவே தையல் ஆர்டருக்கான முதல் செய்தி ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தில் போக வேண்டும். ரெடி ஸ்டாக்குக்கான செய்தி செப்டம்பர் மூன்றாம் வாரத்தில். கட்-ஆஃபுக்கு நான்கு நாள் முன்பு ஒரு நினைவூட்டல், இன்னும் ஆர்டர் போடாதவர்களுக்கு மட்டும். ஆர்டர் போட்டவருக்கும் அதே நினைவூட்டல் போனால், “நான் போட்டது போகலையா?” என்று பதறி போன் செய்வார். சீசன் நேரத்தில் அந்த நூறு போன்களை எடுக்கவே ஒரு ஆள் வேண்டும்.

பெரும்பாலான நிறுவனங்கள் இதற்கு வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் லிஸ்ட்டைத்தான் நம்புகின்றன. இதில் ஒரு முக்கியமான சிக்கல் இருக்கிறது. அனுப்புபவரின் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே பிராட்காஸ்ட் செய்தி போய்ச் சேரும். ஒரு லிஸ்ட்டில் 256 பேர்தான் இருக்க முடியும். கடைக்காரர் போன் மாற்றியிருந்தாலோ, நிறுவனம் புது எண்ணுக்கு மாறியிருந்தாலோ செய்தி போகவே போகாது. அனுப்பியவர் பக்கத்தில் எந்த எச்சரிக்கையும் வராது. அனுப்பிய செய்தியை அழுத்திப் பிடித்து இன்ஃபோ பகுதியைத் திறந்தால் யாருக்குப் போய்ச் சேர்ந்தது, யார் படித்தார்கள் என்ற பட்டியல் தெரியும். மறுநாள் அந்தப் பட்டியலைப் பார்த்து, விடுபட்டவர்களை போனில் கூப்பிடுவதுதான் இந்த வேலையின் பாதி. 150 கடையில் 25 கடை விடுபட்டிருந்தால் ஒருவர் அரை நாளில் பேசி முடித்துவிடலாம்.

எஸ்.எம்.எஸ். அனுப்ப நினைப்பவர்கள் அதற்கான டெம்ப்ளேட்டை டிராயின் விதிப்படி டி.எல்.டி. தளத்தில் முன்கூட்டியே பதிவுசெய்திருக்க வேண்டும். பதிவாகாத வாசகம் போகாது. அதனால், தேதி மட்டும் மாறும்படி டெம்ப்ளேட்டை ஜூலை, ஆகஸ்ட்டிலேயே பதிந்து வைப்பது நல்லது.

செய்தியில் என்ன இருக்க வேண்டும்?

நெல்லைக் கடைக்காரருக்குப் போகும் செய்தி இப்படி இருக்கலாம்:

“வணக்கம் அண்ணாச்சி. தீபாவளி முதல் சுற்று, ரெடி ஸ்டாக் ஆர்டர் விவரம் (திருநெல்வேலி):

ஆர்டர் முழுமையாக வேண்டிய நாள்: அக்டோபர் 12, திங்கள், மாலை 5 மணி.
பார்சல் ஆபீஸில் ஒப்படைக்கும் நாள்: அக்டோபர் 15, வியாழனுக்குள்.
நெல்லையில் எதிர்பார்க்கும் நாள்: அக்டோபர் 22, வியாழன். இது எங்கள் மதிப்பீடு. லாரி தாமதம் எங்கள் கையில் இல்லை.

முழுமையான ஆர்டர் என்றால்: டிசைன் நம்பர், சைஸ் ரேஷியோ, ஜி.எஸ்.டி. எண், பார்சல் சர்வீஸ் பெயர், ஆகஸ்ட் வரையிலான பில் பாக்கி. இதில் ஒன்று குறைந்தாலும் ஆர்டர் வரிசையில் சேராது.

அக்டோபர் 18, 19, 20 புக்கிங் இல்லை.
12-ம் தேதிக்குப் பின் வரும் ஆர்டர் இரண்டாம் சுற்றில் போகும்: 21-ம் தேதிக்குள் முழுமையானால் 24-ல் ஒப்படைப்பு, 29-ல் நெல்லை.
அதற்குப் பிறகு வேண்டுமென்றால் நேரில் வந்து எடுத்துக்கொள்ளலாம்.”

இதில் கவனிக்க வேண்டிய வரி பாக்கி பற்றியது. பல நிறுவனங்கள் ஆர்டரை வாங்கி வைத்துக்கொண்டு, ‘பழைய பணம் வரட்டும்’ என்று சத்தமில்லாமல் சரக்கை நிறுத்தி வைக்கின்றன. முகத்துக்கு நேராகச் சொல்லக் கூச்சம். ஆனால், கடைக்காரர் சரக்கு வருகிறது என்று நம்பி வேறு இடத்தில் வாங்காமல் இருப்பார். பாக்கி ஒரு நிபந்தனை என்றால் அதை எல்லாருக்கும் பொதுவாக, முன்கூட்டியே எழுதிவிடுவதில் யாருக்கும் அவமானம் இல்லை. கடைசி நேரத்தில் தெரிய வருவதுதான் அவமானம்.

ஜி.எஸ்.டி. எண்ணும் பார்சல் சர்வீஸ் பெயரும் சின்ன விஷயமாகத் தோன்றலாம். வேறு மாநிலத்துக்குப் போகும் சரக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில் கட்டாயம். தமிழ்நாட்டுக்குள் என்றால் 1 லட்சம் ரூபாய்க்கு மேல். எண்ணில் ஒரு எழுத்து தவறினால் பில்லைத் திருத்தி மறுபடி போட வேண்டும், ஒரு நாள் போச்சு. சாதாரணச் சரக்குக்கு இ-வே பில் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் வீதம் செல்லும். திருப்பூரிலிருந்து ஐதராபாத் சுமார் 900 கிலோமீட்டர் என்றால் ஐந்து நாள். வண்டி எண் பதிவான பிறகு சரக்கு வழியில் குடோனில் தங்கிவிட்டால் பில் காலாவதியாகும். காலாவதியாவதற்கு எட்டு மணி நேரம் முன்னும் பின்னும் நீட்டிக்கலாம். அதைச் செய்யத் தவறினால் வழியில் வண்டியை மடக்கும்போது சிக்கல். ஏழு வேலை நாள் ஆகும் சீசனில் ஐதராபாத் சரக்கை அனுப்புகிறவர் எல்.ஆர். வாங்கியதோடு கை கழுவ முடியாது.

‘அண்ணாச்சிக்கு மட்டும்’ என்ற வியாதி

இவ்வளவும் செய்த பிறகும் கட்-ஆஃப் தோற்றுப்போகும் இடம் ஒன்று உண்டு. 14-ம் தேதி ஒரு பெரிய கடையிலிருந்து போன் வரும். “ஒரு இருபது பண்டல்... எப்படியாவது ஏத்தி விட்ருங்க.” பெரிய வாடிக்கையாளர், மாட்டேன் என்றால் போட்டிக் கம்பெனிக்குப் போய்விடுவார். “அனுப்பிடறோமுங்க” என்று வாய் தானாகச் சொல்லிவிடும்.

அந்த இருபது பண்டல் எங்கிருந்து வரும்? நாள் ஒன்றுக்கு 40 பண்டல் என்ற அளவு மாறவில்லை. 12-ம் தேதிக்குள் பணம் கட்டி, விவரம் கொடுத்து, வரிசையில் நிற்கும் ஏழு சின்னக் கடைகளின் சரக்கைத் தள்ளிவைத்துத்தான் அது ஏறும். அந்த ஏழு பேரும் சொன்ன பேச்சைக் கேட்டவர்கள். பெரிய கடைக்கு நான்கு கம்பெனிகள் சப்ளை செய்யும். ஒன்று தவறினாலும் ஷோகேஸ் காலியாக இருக்காது. சின்ன ஊரில் ஒற்றை ஷட்டர் கடை வைத்திருப்பவருக்கு இந்த மூன்று பண்டல்தான் தீபாவளி. வட்டிக்கு வாங்கிய பணமாகக்கூட இருக்கலாம். தீபாவளிக்கு மறுநாள் வந்து இறங்கும் சரக்கு அவருக்குச் சரக்கு அல்ல, கடன்.

வியாபாரிகளின் பதிலும் நியாயமானதே. “எல்லாரையும் ஒரே மாதிரி நடத்தினா கம்பெனி ஓடாது. பாதி வியாபாரம் தர்றவரை எப்படித் திருப்பி அனுப்பறது?” திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. பெரிய வாடிக்கையாளருக்கு இடம் வேண்டும் என்று ஆகஸ்ட்டிலேயே தெரியும். 120 பண்டலில் 20-ஐ அவருக்காக முன்பே ஒதுக்கி, மற்றவர்களுக்கு 100 என்று அறிவிக்கலாம். ஒதுக்கியதை அவர் 10-ம் தேதிக்குள் உறுதி செய்யாவிட்டால் மற்றவர்களுக்குத் திறந்துவிடலாம். சலுகையை முன்கூட்டியே கணக்கில் வைத்தால் அது வியாபாரம். அறிவித்த தேதிக்குப் பிறகு கொடுத்தால் அது அடுத்தவர் இடத்தைப் பிடுங்குவது. இதில் இன்னொரு விளைவும் இருக்கிறது. ஒரு முறை வளைத்த தேதியை அடுத்த ஆண்டு யாரும் மதிக்க மாட்டார்கள். “அவங்க அப்படித்தான் சொல்வாங்க, 18-ம் தேதி வரை வாங்குவாங்க” என்று ஊரே பேசும்.

சொன்ன தேதி தவறினால்?

சாயப்பட்டறையில் தாமதம், மழை, லாரி ஸ்டிரைக் என்று எதுவும் நடக்கலாம். அப்போது செய்தி போக வேண்டிய நேரம், தவறப்போகிறது என்று தெரிந்த அன்றே. ‘நாளைக்கு எப்படியும் வந்துடும்’ என்று நான்கு நாள் இழுப்பதில்தான் உண்மையான சேதம். 13-ம் தேதியே சொல்லியிருந்தால் கடைக்காரர் பக்கத்து ஊர் மொத்தக்கடையில் கொஞ்சம் விலை கூடக் கொடுத்தாவது வாங்கியிருப்பார்.

புதுத் தேதி, அதோடு இரண்டு வழிகள்: காத்திருக்கலாம், அல்லது ஆர்டரை ரத்து செய்து பணத்தைத் திரும்பப் பெறலாம். இந்த இரண்டாவது வழியைச் சொல்ல விற்பவர்கள் தயங்குவார்கள். ஆனால், 1872-ம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 55-வது பிரிவு, குறித்த காலத்துக்குள் செய்வதுதான் ஒப்பந்தத்தின் உயிர் என்று இரு தரப்பும் கருதியிருந்தால், காலம் தவறும்போது அதை ரத்து செய்யும் உரிமையை மற்றவருக்குக் கொடுக்கிறது. அதே பிரிவு கடைக்காரருக்கும் ஒன்று சொல்கிறது. தாமதமாக வந்த சரக்கை ஏற்றுக்கொண்டால், ஏற்கும் நேரத்திலேயே இழப்பீடு கேட்பேன் என்று தெரிவித்திருக்க வேண்டும். பேசாமல் இறக்கி வைத்துவிட்டுப் பொங்கலுக்குக் கணக்கு பார்க்கும்போது கேட்க முடியாது. ஒரு வரி வாட்ஸ்அப் செய்தியாவது அன்றைக்கே அனுப்பி வைப்பது நல்லது.

தீபாவளி முடிந்த பிறகு...

அறிவிப்புகளில் அடிக்கடி விடுபடுவது, மறுபடி எப்போது சரக்கு கிளம்பும் என்ற தேதி. திருப்பூரில் தென்மாவட்டத் தொழிலாளர்கள் தீபாவளிக்கு ஊருக்குப் போவார்கள். பீகார் தொழிலாளர்களில் பலர் தீபாவளி முடிந்து ஒரு வாரத்தில் வரும் சத் பூஜை வரை ஊரில் இருந்துவிட்டுத்தான் திரும்புவார்கள். நவம்பர் 9-ல் ஆபீஸ் திறந்திருக்கலாம், போனை யாராவது எடுக்கலாம். ஆனால், பண்டல் கட்ட ஆள் இருக்காது. ‘நவம்பர் 7 முதல் 15 வரை அனுப்புதல் இல்லை, 16 திங்கள் முதல் தொடங்கும், தையல் வேலை அதற்கும் ஒரு வாரம் கழித்து’ என்று சொல்லிவிட்டால் குழப்பம் இல்லை.

இந்தத் தகவல் தீபாவளியைப் பெரிதாகக் கொண்டாடாத வாடிக்கையாளருக்குத்தான் அதிகம் தேவை. கேரளத்துக் கடைகளுக்குப் பெரிய சீசன் ஓணம்தான். தீபாவளி கட்-ஆஃப் செய்தி நமக்கில்லை என்று அவர்கள் தாண்டிப் போய்விடுவார்கள். ஆனால், கிறிஸ்துமஸ் சரக்குக்கு ஆர்டர் கொடுக்க வேண்டிய நேரத்தில்தான் திருப்பூர் இரண்டு வாரம் படுத்துக் கிடக்கும். கோட்டயத்திலோ நாகர்கோவிலிலோ டிசம்பர் முதல் வாரத்தில் சரக்கு வேண்டும் என்பவர் தையல் ஆர்டரை அக்டோபரிலேயே கொடுத்திருக்க வேண்டும். தீபாவளிக்குப் பிறகு யோசித்தால் கைக்குக் கிடைப்பது மிச்ச ஸ்டாக்தான். ஆகவே, அவர்களுக்குத் தனிச் செய்தி: தீபாவளி வாழ்த்தோடு அல்ல, கிறிஸ்துமஸ் தேதியோடு.

சீசன் முடிந்து குடோன் அமைதியானதும் செய்ய வேண்டிய வேலை ஒன்று பாக்கி இருக்கும். ஒவ்வொரு எல்.ஆர். தேதிக்கும் எதிரே, சரக்கு உண்மையில் என்றைக்குப் போய்ச் சேர்ந்தது என்று கடைக்காரரிடம் கேட்டு எழுதி வைக்க வேண்டும். நெல்லைக்கு 4 நாள் என்று போட்ட கணக்கு 5 ஆகியிருந்தால், அடுத்த ஆண்டு கட்-ஆஃப் ஒரு நாள் முன்னால் நகரும். அந்த நோட்டு இல்லாத நிறுவனம் அடுத்த ஆகஸ்ட்டிலும் ஒரு தேதியைக் குத்துமதிப்பாகத்தான் சொல்லும். அதை நம்பிப் பணம் போடும் கடைக்காரர்தான் நஷ்டப்படுவார்.